வரி ஏறினால் உற்பத்தி எவ்வளவு குறையும்? மூன்று வழிகள், ஒரே கணக்கு

ஒரு முற்றுரிமை நிறுவனம். விற்கும் ஒவ்வோர் அலகுக்கும் t ரூபாய் வரி. வரியை ஏற்றினால் அது உற்பத்தியைக் கூட்டுமா, குறைக்குமா? 1838இலேயே பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். இதற்கு விடை காண மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே விடையைத்தான் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் அனுமானங்கள் வேறு, தரும் தகவலும் வேறு.

முதல் வழி, நேராகத் தீர்ப்பது. q அலகு விற்கும்போது விலை P = 100 − q, அலகுச் செலவு 20 என்று வைத்துக்கொள்வோம். லாபம் உச்சமாகும் அளவு q = (80 − t)/2. வரி இல்லாதபோது 40 அலகு, விலை 60. வரி 10 ரூபாய் ஆனால் 35 அலகு, விலை 65. வரியில் பாதி வாங்குபவர் தலையில் விழுகிறது. கணக்கு சுலபம்தான், ஆனால் அந்தப் "பாதி" எங்கிருந்து வந்தது? நேர்கோட்டுத் தேவையை நாமே தேர்ந்தெடுத்ததிலிருந்துதான். விலை ஒரு சதவீதம் ஏறினால் தேவை இரண்டு சதவீதம் குறையும்படி, தேவை நெகிழ்ச்சி எங்கும் 2 என்று எடுத்தால் விலை 2(20 + t) ஆகிவிடும். வரி ஒரு ரூபாய் ஏறினால் விலை இரண்டு ரூபாய் ஏறும். ஒரே ஒரு உதாரணத்தைத் தீர்த்துவிட்டுப் பொதுவாகப் பேசினால் இப்படித்தான் ஏமாந்துபோவோம்.

இரண்டாவது வழி, உச்சத்தில் லாபத்தின் சாய்வு பூச்சியம் என்னும் முதல் வரிசை நிபந்தனையைத் தீர்க்காமல் அப்படியே வகையிடுவது. வருவாய் R(q), செலவு C(q) என்றால் உச்சத்தில்

```
R'(q) − C'(q) − t = 0
```

இங்கே q என்பது t-ஐப் பொறுத்து மாறும் சார்பு. இரு பக்கமும் t-ஐப் பொறுத்து வகையிட்டால்

```
(R'' − C'')·dq/dt − 1 = 0
dq/dt = 1/(R'' − C'')
```

உச்சப் புள்ளி என்பதால் இரண்டாம் வரிசை நிபந்தனைப்படி R'' − C'' எதிர்மறை. ஆகவே dq/dt-யும் எதிர்மறை. தேவையின் வடிவம் எதுவும் தெரியாமலே, கூடுமா குறையுமா என்று சொல்லும் குறி கிடைத்துவிட்டது. அளவும் கிடைக்கிறது. இறுதிநிலைச் செலவு மாறிலி என்றால் விலை ஏற்றம் dp/dt = 1/(2 + qP''/P'). நேர்கோட்டில் P'' = 0, எனவே பாதி. நெகிழ்ச்சி 2 உள்ள வளைகோட்டில் qP''/P' = −3/2, எனவே 2. மேலே முரண்பட்டுத் தெரிந்த இரண்டு விடைகளும் இந்த ஒரே சூத்திரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இதுதான்.

ஆனால் இது உச்சப் புள்ளிக்குப் பக்கத்தில் மட்டும்தான் செல்லும். ஒரு கணக்கைப் பார்ப்போம். அதே தேவை, ஆனால் நிறுவனத்துக்கு இரண்டு வழிகள். அலகுக்கு 40 ரூபாய் செலவில் பழைய இயந்திரம், அல்லது 600 ரூபாய் நிலைச் செலவோடு அலகுக்கு 20 ரூபாயில் புதியது. லாபங்கள் முறையே (60 − t)²/4, (80 − t)²/4 − 600. வித்தியாசம் 100 − 10t. ஆகவே t = 10ஐத் தாண்டியதும் நிறுவனம் புதிய இயந்திரத்தை விட்டுவிடும். t = 5இல் உற்பத்தி 37.5. சாய்வு −1/2 என்று நம்பினால் t = 15இல் 32.5 வரவேண்டும். உண்மையில் 22.5 வருகிறது, ஏனென்றால் t = 10இல் 35இலிருந்து 25க்கு ஒரே தாவல். அந்த இடத்தில் இரண்டு உச்சங்கள் சம உயரத்தில் நிற்கின்றன. நிறுவனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது வகைக்கெழுவின் கண்ணில் படாது. சிறு மாற்றத்துக்கு வந்த சாய்வைப் பெரிய வரி உயர்வுக்கும் நீட்டுபவர்கள் இதைத்தான் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது வழிக்கு வகையிடலே வேண்டாம். டாப்கிஸ் 1978இலும் மில்க்ரம், ஷானன் இருவரும் 1994இலும் வளர்த்தெடுத்த பாதை இது. நமது கணக்குக்கு அதன் எளிய வடிவமே போதும். வரி t₁ ஆனபோது q₁ சிறந்தது, t₂ ஆனபோது q₂ சிறந்தது. ஒவ்வொரு வரியிலும் தேர்ந்த அளவின் லாபம் மற்றதைவிடக் குறையாது. இந்த இரண்டு சமனிலிகளையும் கூட்டினால் R, C எல்லாம் அடிபட்டுப்போய் மிஞ்சுவது (t₁ − t₂)(q₁ − q₂) ≤ 0. தாவல், மூலைத் தீர்வு, முழு எண் அலகுகள் எதுவும் தடை இல்லை. வரி ஏறினால் உற்பத்தி ஏறாது என்பது உறுதி. ஆனால் எவ்வளவு குறையும் என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

சரி, எதை எப்போது எடுப்பது? எனக்குக் குறி மட்டும் வேண்டுமென்றால் மூன்றாவதில் தொடங்குவேன். அளவு வேண்டுமென்றால், உச்சம் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு இரண்டாவது.

நிறுவனம் விளம்பரச் செலவு s-ஐயும் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். சமனிலிகளைக் கூட்டும் வாதத்தில் s-உம் அடிபட்டுப்போகும், அதனால் q பற்றிய முடிவு அப்படியே நிற்கும். விளம்பரம் கூடுமா குறையுமா என்பதற்கு மட்டும் இரண்டு முதல் வரிசை நிபந்தனைகளையும் சேர்த்து வகையிடவேண்டும். அப்போது ds/dt-யின் குறி, லாபத்தின் குறுக்கு வகைக்கெழுவான π_qs-இன் குறிக்கு நேர் எதிராக வரும். விளம்பரம் கடைசி அலகின் வருவாயைக் கூட்டுமானால், வரி ஏறும்போது விளம்பரமும் சுருங்கும்.