மீள்குடியமர்வா, குடியமர்த்தினார்களா? ஒரே ஆய்வு வாக்கியத்துக்கு மூன்று வழிகள்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு தங்கை பிஎச்.டி. செய்கிறாள், தமிழிலேயே எழுதுகிறாள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களிலிருந்து எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்குப் போன குடும்பங்களில், இன்றும் காசிமேட்டுக்கு வந்து மீன் எடுத்து விற்கிற பெண்களைப் பற்றிய ஆய்வு. போன மாதம் மூன்றாம் இயலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க, நான் எழுதுனது எனக்கே புரியல" என்றாள். முதல் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது:

"சுனாமிக்குப் பிந்தைய மீள்குடியமர்வின் காரணமாக மீன் விற்பனையில் ஈடுபட்டுள்ள பெண்களின் கடன் பெறுதலில் அதிகரிப்பு ஏற்பட்டுள்ளமை ஆய்வின் மூலம் கண்டறியப்பட்டுள்ளது."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதில் வினைமுற்று எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றே ஒன்றுதான், 'கண்டறியப்பட்டுள்ளது'. அதுவும் ஆய்வு செய்தவர் செய்த வேலை. குடியேறியது, விற்றது, கடன் வாங்கியது என்று அந்தப் பெண்களின் வாழ்க்கையில் நடந்த எல்லாமே பெயர்ச்சொல்லாக உறைந்துபோய் நிற்கிறது.

இதை எழுத மூன்று வழிகள் உண்டு. ஒன்று, அவள் எழுதியதைப் போல வினையைப் பெயராகக் கட்டிவிடுவது: மீள்குடியமர்வு, கடன் பெறுதல். இரண்டாவது, அதை வினைமுற்றாக அவிழ்ப்பது: குடியமர்த்தினார்கள், கடன் வாங்குகிறார்கள். மூன்றாவது நடுவழி: குடியமர்த்தியது, கடன் வாங்குவது. இந்த மூன்றாவது தமிழில் நம் கைக்கு வெகு அருகிலேயே இருக்கிறது, ஆனால் ஆய்வேடு எழுத உட்கார்ந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் வழியில் என்ன தொலைகிறது என்பதற்குப் பள்ளிக்கூட இலக்கணமே பதில் வைத்திருக்கிறது. தொழிற்பெயர் என்றால் என்ன? எண், இடம், காலம், பால் எதையும் காட்டாமல் தொழிலுக்குப் பெயராக வருவது. தல், அல், கை, பு, வு, சி என்று விகுதிகளை மனப்பாடம் செய்திருப்போம். அந்த வரையறையை ஓர் ஆய்வாளரின் கண்ணால் திரும்பப் படியுங்கள்: யார், எத்தனை பேர், எப்போது, இந்த மூன்றும் சொல்லிலிருந்து கழன்றுவிடுகின்றன. களத்துக்குப் போய் ஆறு மாதம் அலைந்து சேர்த்ததே அந்த மூன்றைத்தானே?

அவள் வாக்கியத்தை அவிழ்க்க உட்கார்ந்தோம். நான் செய்வது இதுதான்: முதலில் 'ஏற்பட்டது, மேற்கொள்ளப்பட்டது, நடைபெற்றது, காணப்படுகிறது' மாதிரி சொற்களைத் தேடி அடிக்கோடிடுவேன். இவை வேலையே செய்யாத வினைகள். இவற்றுக்கு முன்னால் நிற்கிற பெயர்ச்சொல்லுக்குள்தான் பெரும்பாலும் உண்மையான வினை ஒளிந்திருக்கும். 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என்றால் ஆய்ந்தார், 'அதிகரிப்பு ஏற்பட்டது' என்றால் அதிகரித்தது. அடுத்து, வெளியே எடுத்த ஒவ்வொரு வினையிடமும் யார் என்று கேட்க வேண்டும், அப்புறம் எப்போது என்று. அவ்வளவுதான் முறை. பதில் உடனே வந்தால் எழுதிவிடலாம். வராவிட்டால் சிக்கல் நடையில் இல்லை, தரவில் இருக்கிறது.

முதல் சொல்லிலேயே நின்றுவிட்டோம். மீள்குடியமர்வு. யார் அமர்ந்தார்கள்? குடும்பங்கள். தாங்களாகவா? இல்லை, அரசு கொண்டுபோய்க் குடிவைத்தது. அப்படியென்றால் வினை 'அமர்ந்தார்கள்' இல்லை, 'அமர்த்தினார்கள்'. தன்வினை பிறவினை வேறுபாடு தமிழில் எவ்வளவு கூர்மையானது! பெயர்ந்தான் வேறு, பெயர்த்தான் வேறு. இதைப் பெயர்ச்சொல்லிலும் காட்ட முடியும். பெயர்வு, பெயர்ப்பு என்று இரண்டும் இருக்கின்றன. ஆனால் எழுதும்போது கை தானாக 'இடப்பெயர்வு' என்றே போய்விடுகிறது. வீட்டை இடித்துக் கிளப்பினாலும் இடப்பெயர்வு, பிழைப்பு தேடித் தானாகக் கிளம்பினாலும் இடப்பெயர்வு. வடசென்னைக் கடற்கரை பற்றி எழுதுகிறவர்களுக்கு இது நடைப் பிரச்சினை மட்டும் இல்லை, யார் பொறுப்பு என்ற கேள்வியே அந்த 'வு'வுக்குள் கரைந்துவிடுகிறது.

அடுத்து 'கடன் பெறுதலில் அதிகரிப்பு'. இங்கேதான் பெரிய விஷயம் கிடைத்தது. எது அதிகரித்தது என்று கேட்டேன். முன்பைவிட அதிகப் பெண்கள் கடன் வாங்குகிறார்களா? அதே பெண்கள் அதிகத் தொகை வாங்குகிறார்களா? அல்லது அடிக்கடி வாங்குகிறார்களா? மூன்று வினை வாக்கியங்கள், மூன்றும் வேறு வேறு கண்டுபிடிப்புகள், மூன்றையும் அந்த ஒரு தொடர் ஒன்றாக மூடி வைத்திருக்கிறது. அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நேர்காணல் நோட்டைப் புரட்டி, "அண்ணா, இதுல எதுவுமே இல்ல. முன்னாடி கல்யாணம், பண்டிகைன்னு கடன் வாங்குவாங்களாம். இப்ப காலைல ஏலத்துல கூடை எடுக்கவே வாங்குறாங்க" என்றாள். அதாவது அவள் தரவு காட்டிய மாற்றம் அளவில் இல்லை, கடனின் நோக்கத்தில். அளவு கூடியதா என்று சொல்ல அவளிடம் பழைய கணக்கே கிடையாது. 'அதிகரிப்பு' என்ற சொல் தரவில் இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது, கனமான சொல்லாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

'காரணமாக' என்பதையும் அவிழ்த்தோம். எர்ணாவூரில் வீடு கிடைத்தால் ஏன் கடன் வாங்க வேண்டும்? காசிமேட்டில் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும், குப்பத்தில் இருந்தபோது நடந்தே போனார்கள், இப்போது அந்த நேரத்துக்கு ஆட்டோ. மீனோடு திரும்ப இன்னொரு ஆட்டோ. அந்தக் காசு போனபின் மறுநாள் முதலுக்குக் கையில் எதுவும் நிற்பதில்லை. இந்தச் சங்கிலி முழுவதும் அவள் நோட்டில் இருந்தது, ஆய்வேட்டில் 'காரணமாக' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கியிருந்தது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் வினைமுற்றாக்கிவிட்டால் போதுமா? அவளும் அப்படித்தான் நினைத்து, மறுநாள் வேறொரு பத்தியோடு வந்தாள். "பெண்கள் விடியுமுன் எழுந்து ஆட்டோ பிடித்து காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் நின்று கூடை எடுத்துத் தெருத்தெருவாகச் சுற்றி விற்று வட்டி கட்டி..." என்று வினையெச்சம் வினையெச்சமாக ஓடுகிறது. படிக்கச் சுகமாக இருக்கிறது, ஆனால் இதில் எது முக்கியம் என்று தெரியவில்லை. எழுந்ததும் வட்டி கட்டியதும் ஒரே எடையில் நிற்கின்றன. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும் என்பதால் வாசிப்பவர் அதுவரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் வழியின் உண்மையான பலவீனம் இதுதான், இதற்கு மருந்து இடையிடையே முற்றுப்புள்ளி வைப்பது. எச்சம் மூன்றைத் தாண்டினால் நான் வாக்கியத்தை உடைத்துவிடுவேன்.

நடுவழிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'மீள்குடியமர்வின் காரணமாக' என்பதற்குப் பதிலாக 'அரசு அவர்களை எர்ணாவூரில் குடியமர்த்தியதால்'. 'கடன் பெறுதல்' என்பதற்குப் பதிலாக 'பெண்கள் கடன் வாங்குவது'. இதுவும் பெயர்தான், வேற்றுமை உருபு ஏற்கும், வாக்கியத்தில் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் நிற்கும். ஆனால் செய்தவர் 'இன்' ஏறாமல் எழுவாயாகவே நிற்கிறார். வாங்கியது, வாங்குவது என்று காலமும் சொல்லுக்குள் இருக்கிறது. தொழிற்பெயர் தொலைத்ததில் பாதிக்கு மேல் திரும்பிவிடுகிறது. 'ஏற்பட்டமை, குடியமர்த்தியமை' என்கிற 'மை' வடிவமும் காலம் காட்டும், அதில் தவறில்லை. ஒரு பக்கத்தில் நாலைந்து முறை வந்தால் அரசாணை படிப்பது போல ஆகிவிடும், அதனால் நான் 'அது' வடிவத்தையே எடுப்பேன். ஒரு எச்சரிக்கை: 'குடியமர்த்தியது' என்று உருபில்லாமல் நின்றால் அது வினைமுற்றா பெயரா என்ற குழப்பம் ஒரு கணம் வரலாம். 'குடியமர்த்தியதை', 'குடியமர்த்தியதால்' என்று உருபு ஏறியதும் அது தீர்ந்துவிடும்.

அவளுடைய வழிகாட்டி இந்த மாற்றங்களைப் பார்த்து, "கதை மாதிரி இருக்கு, ஆய்வு நடை இல்லையே" என்றாராம். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெயராகக் கட்டுவது வீண் வழக்கம் இல்லை. ஒரு நிகழ்ச்சியை முதலில் வினையாகச் சொல்லி நிறுவிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அதையே ஒரு பெயராகச் சுருக்கி அதன்மேல் வாதத்தை ஏற்றுவதுதான் ஆய்வு எழுத்து. மொழியியலாளர் ஹாலிடே இதை இலக்கண உருவகம் என்றார், அறிவியல் எழுத்து வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்றும் காட்டினார். அப்புறம் 'கடல் அரிப்பு', 'தடைக்காலம்' போன்றவை கலைச்சொற்கள், அவற்றைப் போய் அவிழ்க்கக் கூடாது. இயல் தலைப்பும் பெயராக இருப்பதே வசதி. நான் ஒத்துக்கொள்ளாதது ஒன்றைத்தான்: வாசகர் இன்னும் பார்க்காத நிகழ்ச்சியை முதல் வாக்கியத்திலேயே பெயராகக் கட்டிக் கையில் கொடுப்பது.

கடைசியில் அந்தப் பத்தி இப்படி வந்தது:

"சுனாமிக்குப் பிறகு அரசு இந்தக் குடும்பங்களை எர்ணாவூரில் குடியமர்த்தியது. குப்பத்தில் இருந்தபோது பெண்கள் ஏலத்துக்கு நடந்தே போனார்கள். இப்போது விடியுமுன் ஆட்டோ பிடிக்கிறார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்ததுபோக மறுநாள் கூடை எடுக்கக் கையில் முதல் நிற்பதில்லை என்று நான் சந்தித்த பெண்கள் பலர் சொன்னார்கள். முன்பு கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் கடன் வாங்கியவர்கள் இப்போது மீன் எடுக்கவே வாங்குகிறார்கள். இந்த முதலீட்டுக் கடன் அவர்கள் வருமானத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதை அடுத்த பகுதி ஆராய்கிறது."

பழையதைவிட மூன்று மடங்குக்கு மேல் நீளம். கடைசி வாக்கியத்தில் 'முதலீட்டுக் கடன்' என்று பெயர் வருவதைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய வாக்கியம் அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. வழிகாட்டி 'நான் சந்தித்த' என்பதை மட்டும் 'ஆய்வாளர் சந்தித்த' என்று மாற்றச் சொன்னார், அவளும் மாற்றிக்கொண்டாள். இயல் தலைப்பில் இருந்த 'மீள்குடியமர்வு' மட்டும் 'மீள்குடியமர்த்தம்' ஆனது, அதை அவரே கேட்டாராம்.