இணையச் சந்தை பிடித்த டிசிஎஸ்: வரிக்குக் கழிப்பதா, ரீஃபண்டாகப் பெறுவதா?

இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்பவரிடம், விற்பனை மதிப்பிலிருந்து திரும்பி வந்த சரக்கைக் கழித்த பிறகு, ஜிஎஸ்டி சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்தச் சந்தை மூலத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரியான டிசிஎஸ், 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம். சந்தை தன் மாதாந்திர டிசிஎஸ் அறிக்கையான GSTR-8-ஐத் தாக்கல் செய்தபின், விற்பனையாளர் தம் ஜிஎஸ்டி தளத்தில் ‘TDS and TCS Credit Received’ பகுதியில் அதை ஏற்றுத் தாக்கல் செய்தால்தான் பணம், வரி கட்டுவதற்கான இருப்பைக் காட்டும் அவருடைய ரொக்கப் பேரேட்டுக்கு வரும். ஏற்க மறந்துவிட்டு, பேரேட்டில் பணம் வரவில்லையே என்று சந்தையைக் குறைகூறுவோர் ஏராளம்.

திருப்பூரில் பனியன் விற்கும் ஒருவரின் மாத நிகர விற்பனை 3,00,000 ரூபாய், அதில் 2,40,000 வெளிமாநிலத்துக்கு என்று கொள்வோம். 1,200 ரூபாய் ஐஜிஎஸ்டி தலைப்பிலும், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலைப்புகளில் தலா 150 ரூபாயும் டிசிஎஸ்ஸாக வந்து சேரும். 5 சதவீத வரி 15,000 ரூபாய். சந்தையின் கமிஷனுக்கும் விளம்பரத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி செலுத்துவதால், விற்பனை வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரி வரவு 16,000 வரை சேர்ந்துவிடுகிறது. வரி கட்டும் மாதாந்திரக் கணக்கான GSTR-3B-இல் ரொக்கமாகக் கட்ட எதுவுமில்லாததால் டிசிஎஸ் அப்படியே தேங்குகிறது.

கழிக்க ஒரு வழி உண்டு. துணி ஏற்றிவரும் லாரி சர்வீஸின் 8,000 ரூபாய் வாடகைக்கு, லாரி சர்வீஸுக்குப் பதிலாக விற்பனையாளரே கட்ட வேண்டிய எதிர்முறை வரி 400 ரூபாய். அதை வரவைக் கொண்டு கட்ட முடியாது, ரொக்கமே வேண்டும். ஆனால் அது சிஜிஎஸ்டி 200, எஸ்ஜிஎஸ்டி 200 என்பதால், கையிலுள்ள 150 போதாது. பேரேட்டுத் தலைப்புகளுக்கிடையே பணத்தை மாற்றும் PMT-09 படிவத்தின் வழியே ஐஜிஎஸ்டியிலிருந்து தலா 50 ரூபாயை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டிய 400 ரூபாயும் மீண்டும் உள்ளீட்டு வரவாகவே திரும்பி, ஏற்கெனவே மிஞ்சிய வரவைப் பெருக்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

மாதம் 1,100 ரூபாய், ஆண்டுக்கு 13,200 மிஞ்சும். இதற்கு ரீஃபண்டே மேல் என்பது என் கருத்து. ரீஃபண்டு விண்ணப்பமான RFD-01 படிவத்தில் ‘ரொக்கப் பேரேட்டின் மிகை இருப்பு’ என்ற காரணத்தின் கீழ் கேட்கலாம். டிசிஎஸ் தொகைக்கும் இது பொருந்தும் என்றும், இவ்வகை ரீஃபண்டுக்கு இரண்டாண்டுக் காலக்கெடு இல்லை என்றும் 2021 நவம்பர் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே மாதந்தோறும் விண்ணப்பிக்காமல் சேர்த்து வைத்துக் கேட்கலாம். விண்ணப்பித்தவுடன் அந்தத் தொகை பேரேட்டிலிருந்து கழிக்கப்பட்டு முடங்கும் என்பதால், அடுத்த மாத லாரி வாடகைக்கான வரியை ஒதுக்கிவிட்டே கேட்பது நல்லது.

வாங்கி விற்கும் வணிகர் லாபத்தின் மீது மாதந்தோறும் ரொக்கமாக வரி கட்டுபவராயின் நிலைமை வேறு. அவருக்கு GSTR-3B-இலேயே டிசிஎஸ் கழிந்துவிடுவதால் ரீஃபண்டு வீண் வேலை. இருவருமே இதை வருமான வரிக் கணக்கில் தேடக் கூடாது. அங்கே கழிவது, வருமான வரிக்கெனச் சந்தை தனியாகப் பிடிக்கும் 0.1 சதவீத டிடிஎஸ் மட்டுமே.