சான்றிதழ் அசல்தான், கம்பெனிதான் உயிரோடு இல்லை

திருப்பூரில் பனியன் துணி ஓட்டும் சிறிய நிட்டிங் யூனிட் நடத்தி வருகிறேன். கடந்த தை மாதம், பழைய சர்க்குலர் நிட்டிங் மெஷின் ஒன்றுக்காக, கோவை முகவரி கொண்ட ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு 1,80,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். மெஷினும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. என்னைப் போல் வேறு யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர்கள் அனுப்பிய பதிவுச் சான்றிதழைப் பார்த்துத்தான் நம்பினேன். அது போலியும் அல்ல. அதிலிருந்த CIN என்ற 21 எழுத்து கம்பெனி அடையாள எண்ணை, மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகமான எம்சிஏவின் mca.gov.in தளத்தில் கம்பெனி விவரங்களைத் தேடும் பகுதியில் இட்டபோது, அதே பெயர், அதே முகவரியுடன் ஒரு பக்கம் திறந்தது. ஆனால் Company Status என்ற வரிக்கு எதிரே Strike Off என்று இருந்தது. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்ட நிறுவனம், தன் பழைய கடன்களைத் தீர்ப்பதற்கும் வரவேண்டிய தொகையை வசூலிப்பதற்கும் தவிர, நிறுவனமாக இயங்க முடியாது. அதன் பதிவுச் சான்றிதழும் ரத்தானதாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் கையிலிருக்கும் காகிதத்தில் அது எங்கும் தெரியாது. பணம் அனுப்பிப் பதினெட்டு நாள் கழித்து இதைப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

தேடும்போது பெயரை விட எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது, ஏனெனில் ஒரே மாதிரிப் பெயர்கள் பல வந்து குழப்பும். அந்த எண்ணே சில செய்திகளைச் சொல்லும். நடுவில் வரும் TZ கோவைப் பதிவாளர் அலுவலகத்தைக் குறிக்கும். அதையடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. "இருபத்தைந்து வருஷமா இதே தொழில்ங்க" என்று என்னிடம் சொன்னவரின் எண்ணில் 2011 என்று இருந்தது. லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் CIN அச்சிடுவது கம்பெனிகளுக்குச் சட்டப்படி கட்டாயம் என்பதால், எண்ணைக் கேட்கும்போது தயங்குபவரிடம் கவனமாக இருங்கள்.

கொட்டேஷனில் இருந்த ஜிஎஸ்டி எண்ணிலும் ஒரு தடயம் இருந்தது. அதன் ஆறாவது எழுத்து, பான் எண்ணின் நான்காவது எழுத்து. கம்பெனி என்றால் அது C ஆக இருக்க வேண்டும். எனக்கு வந்ததில் P, அதாவது தனிநபர். வங்கிக் கணக்கும் வேறு பெயரில்தான் இருந்தது. கேட்டதற்கு "சிஸ்டர் கன்சர்ன்" என்றார், நானும் விட்டுவிட்டேன். தனிநபர் உரிமையில் தொழில் செய்வது தவறில்லை. அப்படிப்பட்ட கடை எம்சிஏ பதிவேட்டில் இராது, ஜிஎஸ்டி தளத்தில்தான் தேட வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொண்டு தனிநபர் எண்ணைக் கொடுப்பதுதான் கோளாறு.

Company Status வரியில் Active என்று இருந்தாலும் பதிவு உயிரோடிருக்கிறது என்று மட்டுமே பொருள். சரக்கு வரும் என்பதற்கு அது உறுதி அல்ல. அதனால் சென்ற மாதம் பல்லடத்தில் வேறொரு மெஷின் பார்த்தபோது, பதிவேட்டைச் சரிபார்த்த பிறகும் நேரில் போய் ஒரு ரோல் துணி ஓட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனி பெயரிலேயே இருந்த கணக்குக்குத்தான் பணம் அனுப்பினேன்.