கேனா, குளிர்விப்பானா: லிட்டர் கணக்கு

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பாலைக் கேனில் ஏற்றி பால் கூட்டுறவு ஒன்றியத்தின் குளிர்விப்பு நிலையத்துக்கு அனுப்புவதைத் தொடரலாமா, அல்லது சங்கத்திலேயே பாலைக் குளிர்விக்கும் 2,000 லிட்டர் தொட்டியான பி.எம்.சி. வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பி.எம்.சி. வைத்தால் லிட்டருக்கு 1 ரூபாய் 91 காசுதான் ஆகும் என்று நீங்கள் போட்ட கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. வகுத்த எண்தான் தவறு. தொட்டி 2,000 லிட்டர் கொள்ளும். உங்கள் உறுப்பினர்களின் மாடுகள் நாளுக்குச் சராசரியாக 1,200 லிட்டர்தான் கறக்கின்றன.

முதலில் கேன் வழி. வண்டி வாடகை லிட்டருக்கு 1.60, கேன் கழுவவும் ஏற்றி இறக்கவும் 0.30, குளிர்விப்புக் கட்டணம் 0.90. இத்துடன் கணக்கை முடித்து, சேதம் ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேதம் இருக்கிறது; உங்கள் பதிவேடு அதை மறைக்கிறது. உறுப்பினரிடம் லிட்டரில் வாங்குகிறீர்கள், நிலையம் கிலோவில் ரசீது தருகிறது. 1,200 லிட்டர் அனுப்பிய நாளில் ரசீது 1,226 என்று வந்தால், 26 கூடுதலாக வந்துவிட்டதாகத் தோன்றும். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ, எனவே 1,236 கிலோ வந்திருக்க வேண்டும். காணாமல் போன 10 கிலோதான் சிந்தியதும், கேனில் ஒட்டியதும், திரிந்து திரும்பியதும். லிட்டர் 36 ரூபாய் என்றால் இது 29 காசு. ஆக, கேன் வழிக்கு லிட்டருக்கு 3.09.

கேன் வழிச் செலவு பெரும்பாலும் பாலோடு கூடிக் குறையும். பி.எம்.சி. அப்படியல்ல. தொட்டி, ஜெனரேட்டர், அறை எல்லாம் சேர்த்து 13 லட்சம் என்று கொண்டால், பத்தாண்டுத் தேய்மானமும், சராசரி நிலுவையான பாதித் தொகைக்கு 9 சதவீத வட்டியும் நாளுக்கு 516 ரூபாய். ஆள் கூலி 700, பராமரிப்பும் காப்பீடும் 150, டேங்கர் வாடகையில் உங்கள் பங்கு 1,500. பால் வந்தாலும் வராவிட்டாலும் 2,866 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும். மானியம் கிடைத்தாலும் தேய்மானத்தை முழு விலைக்கே போடுங்கள். பத்தாண்டு கழித்து அடுத்த தொட்டியை வாங்கும்போது மானியம் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

மின்சாரத்துக்கு நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு ஆகாது. கறந்த சூட்டோடு வரும் பாலை 4 டிகிரிக்கு இறக்க, கலக்கி, பம்பு எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 0.025 யூனிட் போதும் என்று வைத்திருக்கிறேன். யூனிட் 8 ரூபாய் என்றால் 20 காசு. ஜெனரேட்டரில் அதே யூனிட் 30 ரூபாய் வரை போகும். கால்வாசிப் பால் டீசலில் குளிர்ந்தால் சராசரி 34 காசு. கழுவும் மருந்துக்கு 10, சேதத்துக்கு 4 காசு. மொத்தம் 48. மீட்டரைத் தினமும் எழுதிவையுங்கள்: 1,200 லிட்டருக்கு 30 யூனிட் ஆக வேண்டிய இடத்தில் 45 ஓடினால், முதலில் கண்டென்சரைப் பாருங்கள். தீவனக் கிடங்கை ஒட்டி இயந்திரத்தை வைத்த சங்கம் ஒன்றில் அதன் தகடுகளுக்கிடையே தவிட்டுத் தூசி கம்பளிபோல் படிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைப்போம். 1,200 லிட்டரில் பி.எம்.சி. 2.87, கேன் 3.09, இயந்திரத்துக்கு 22 காசு லாபம். நாளுக்கு 1,100 லிட்டரை ஒட்டி இரண்டும் சமமாகிவிடும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் 1,600 லிட்டர் வரும்போது பி.எம்.சி. 2.27க்கு இறங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 800 லிட்டராகக் குறையும்போது 4.06க்கு ஏறுகிறது. அந்த இரண்டு மாதங்களில் கேனிலும் நிம்மதி இல்லை: மாலைப் பால் வெயில் சூட்டோடு வண்டியில் நின்று திரிந்து, சேதம் 2 சதவீதத்தைத் தொடுகிறது; அதனால் அதுவும் 3.52 ஆகிறது. அப்போதும் இயந்திரம்தான் 54 காசு தோற்கிறது.

எனவே உங்கள் பாலை மட்டும் நம்பி 2,000 லிட்டர் தொட்டி வாங்குவதை நான் ஏற்கவில்லை. பக்கத்து ஊர்ச் சங்கத்தின் 400 லிட்டர் சேர்ந்தால் நிலைமை மாறும். அதைக் கொண்டுவரும் ஆட்டோவுக்கு நாளுக்கு 500 ரூபாய் சேர்த்தாலும், கோடையில் 1,200 லிட்டருக்கு 3.29 ஆகிறது, கேனைவிட 23 காசு குறைவு. ஆனால் அவர்கள் பால் கறந்து ஒரு மணி நேரத்துக்குள் தொட்டியில் விழ வேண்டும். ஒரு கேன் திரிந்த பால் தொட்டிக்குள் போனால் போவது 40 லிட்டர் அல்ல, முழுத் தொட்டி. ஊற்றுமுன் ஒவ்வொரு கேனிலும் சோதனைக் குழாயில் சிறிது எடுத்துக் கொதிக்க வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். என் 700 ரூபாய்க் கூலியில் அவரையும் சேர்த்திருக்கிறேன். செலவைக் குறைக்கச் சொல்லி நிர்வாகக் குழு முதலில் அவரைத்தான் நீக்கப் பார்க்கும்.

பக்கத்துச் சங்கம் கோடையிலும் 400 லிட்டர் தருவதாகத் தீர்மானம் போட்டுத் தந்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோருங்கள். அவர்கள் மறுத்தால் 1,000 லிட்டர் தொட்டிக்கு விலை வாங்கி அனுப்புங்கள். காலைப் பாலை ஏற்றிய பிறகே மாலைப் பால் கொள்ளும் என்பதால், டேங்கர் நாளுக்கு இருமுறை வருமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கணக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
செலவுக் கணக்காளர்