ஏழு ஆண்டுகளாக என் காதில் இருக்கும் இரண்டு சிலிக்கன் காதடைப்பான்கள்: ஒரு ட்ரம்ஸ் வாசிப்பவரின் பயன்பாட்டு அனுபவம்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் ரொக் குழு ஒத்திகை பார்க்கும் அறை முன்பு வலைகள் வைத்திருந்த ஒரு சீமெந்துக் களஞ்சியம். நான்கு சுவரும் வெறுமையானவை, கூரை தகரம். அங்கே ஸ்னேர் ட்ரம்மில் ஓர் அடி விழுந்தால் அது அடங்குவதற்குள் அடுத்த அடியும் வந்து சேர்ந்துவிடும். 2016இன் கடைசியில் அந்த அறையிலிருந்து வீடு திரும்பிய ஓர் இரவில்தான் இடது காதுக்குள் மெல்லிய விசில் போன்ற ஒலி ஒன்று கேட்கத் தொடங்கியது. முன்பும் ஒத்திகை முடிந்தபின் அப்படிக் கேட்டதுண்டு, விடிந்தால் போய்விடும். அந்த முறை விடிந்தும் போகவில்லை, இன்றுவரை போகவும் இல்லை.

முதலில் நான் சந்தித்த வைத்தியர் காதில் அழுக்கு இருப்பதாகச் சொல்லித் துளிமருந்து தந்தார். அழுக்கு அடைத்தாலும் இரைச்சல் கேட்கும் என்பது உண்மை என்பதால் அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அழுக்கு போனபின்பும் இரைச்சல் தொடர்ந்தபோது கேள்திறன் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கழிந்தது. 2018 மார்ச்சில் கொழும்பில் எடுத்த ஓடியோகிராம் என்ற கேள்திறன் வரைபடத்தில் விடயம் தெளிவாகியது. அதில் டெசிபல் எண் கூடக்கூடக் கோடு கீழே இறங்கும், கேள்திறன் குறைவு என்று பொருள். இடது காதில் தாழ்ந்த சுருதிகளில் எல்லாம் வழமையாக இருந்த கோடு, 4000 ஹேர்ட்ஸில் மட்டும் 40 டெசிபல் வரை இறங்கி, 8000இல் மீண்டும் 20க்கு ஏறியிருந்தது. நடுவில் விழுந்து மறுபடியும் எழும் இந்தப் பள்ளம்தான் சத்தத்தால் ஏற்பட்ட பாதிப்பின் அடையாளம். வயதால் வரும் குறைபாட்டில் கோடு பொதுவாக மேலே எழாமல் இறங்கிக்கொண்டே போகும். வலது காதில் அதே இடத்தில் 25தான். காரணத்தை நான் சொல்லாமலேயே பரிசோதித்தவர் கண்டுபிடித்தார்: வலக்கைக்காரர் ட்ரம்ஸ் வாசிக்கும்போது ஹை-ஹாட் எனும் இரட்டைச் சிம்பல் இடது காதுக்கு அருகில் இருக்கும்.

காதடைப்பான் எனக்கு அதற்கு முன்பும் புதிதல்ல. ஆலைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் மஞ்சள் நுரைப்பஞ்சை வைத்துக்கொண்டு சில மாதங்கள் வாசித்துப் பார்த்திருந்தேன். அது சத்தத்தை நன்றாகவே குறைக்கிறது, ஆனால் எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. சிம்பலின் மினுக்கமும் பாடகரின் மெய்யெழுத்துகளும் இருக்கும் மேல்சுருதிகளை அதிகமாகவும், பேஸ் இருக்கும் கீழ்ச்சுருதிகளைக் குறைவாகவும் வெட்டுகிறது. போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல இருப்பதால் கை தானாகவே பஞ்சைக் கொஞ்சம் வெளியே இழுத்து விடுகிறது. அரைகுறையாக இருக்கும் பஞ்சு பெரும்பாலும் பாதுகாப்பதில்லை.

அளவெடுத்துச் செய்யப்படும் இசைக்கலைஞர் காதடைப்பான் இந்தச் சிக்கலுக்காகவே உருவானது. அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1988இல் அறிமுகப்படுத்திய வடிவமைப்பு இதற்கு முன்னோடி. திறந்த காதுக்குழாய் ஏறத்தாழ 2700 ஹேர்ட்ஸ் சுருதியை இயல்பாகவே பெருக்கிக் கொடுக்கிறது. காதை அடைத்தால் அந்தப் பெருக்கம் இல்லாமல் போகிறது. சிலிக்கன் அச்சுக்குள் பொருத்தப்படும் சிறு வடிகட்டி, இழந்த அந்தப் பெருக்கத்தை ஈடுசெய்து, எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கிறது. 9, 15, 25 டெசிபல் என மூன்று வகை வடிகட்டிகள் உண்டு. நான் 15ஐ எடுத்தேன். இரண்டு காதுக்குமான மொத்தச் செலவு நடுத்தர விலையில் ஒரு கிராஷ் சிம்பல் வாங்குவதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது.

15 டெசிபல் என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். எங்கள் அறையில் ட்ரம்ஸ் ஆசனத்தில் கைத்தொலைபேசிச் செயலியால் பல நாட்கள் அளந்ததில் சராசரி 103 டெசிபல் வந்தது. கைத்தொலைபேசியின் அளவீட்டில் சில டெசிபல் பிழை இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கின்படி 85 டெசிபலில் ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியே இறங்கி வந்தால் 103இல் கிடைப்பது ஏழரை நிமிடம். அடைப்பான் அதை 88 ஆக்கினால் நான்கு மணித்தியாலம் கிடைக்கிறது, ஆகவே எங்களுடைய இரண்டு மணித்தியால ஒத்திகை நாளின் அளவில் பாதியைத்தான் செலவழிக்கிறது.

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தை நான் இரண்டு வருடம் கழித்தே புரிந்துகொண்டேன். பாட்டுகளுக்கு நடுவே பேசுவதற்காக அடைப்பானைக் கழற்றிவிடுவேன். கிட்டார்காரர் தன் அம்ப்ளிஃபயரைச் சரிபார்க்கத் தொடங்குவார், நானும் தாளம் கொடுப்பேன், அப்படி ஐந்து நிமிடம் போகும். 103இல் ஏழரை நிமிடமே அனுமதி என்றால், அந்த ஐந்து நிமிடம் மட்டும் நாளின் அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. ஒத்திகை செலவழிக்கும் பாதியோடு சேர்த்தால் எல்லை தாண்டிவிட்டது. ஒத்திகை முழுவதும் ஒழுங்காக அணிந்திருந்ததாக நினைத்த நாட்களிலும் இரவில் இரைச்சல் ஏன் கூடியது என்பதற்கு எனக்குக் கிடைத்த விளக்கம் இதுதான். இப்போது பேசுவதென்றால் அறைக்கு வெளியே போய்த்தான் கழற்றுகிறேன்.

பழகுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆனது. முதற்சிக்கல் சொந்தக் குரல். காது அடைபட்டிருக்கும்போது எலும்பு வழியாக வரும் நம் குரல் வெளியேற வழியின்றி உள்ளே குடத்துக்குள் பேசுவது போல முழங்கும். அடைப்பானோடு கச்சான் கொறித்துப் பார்த்தால் சரளைக் கற்களில் நடப்பது போலக் கேட்கும். அச்சு ஆழமாக, குழாயின் எலும்புப் பகுதி வரை போனால் இது குறையும். இரண்டாவது சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. அடியின் கூர்மை குறைந்து கேட்டதால், என்னை அறியாமலே பலமாக அடிக்கத் தொடங்கியிருந்தேன். மணிக்கட்டில் வலி வந்தது. பேஸ் வாசிப்பவர் ஒருநாள், “மச்சான், உனக்குக் காது அடைச்சிருக்கு, எங்களுக்கு அடைக்கேல்லயே” என்று சொன்ன பிறகுதான் ஒத்திகையைத் தொலைபேசியில் பதிவுசெய்து கேட்டேன். பதிவில் ஸ்னேர் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்திருந்தது. அதன்பின் பதிவைக் கேட்டுக் கையைத் திருத்திக்கொண்டேன்.

2021இல்தான் பெரிய பிழை வெளிப்பட்டது. ஊரடங்கு மாதங்களில் ஒத்திகை எதுவும் இல்லை. என் உடல் எடையும் கணிசமாகக் குறைந்திருந்தது. மீண்டும் தொடங்கியபோது பேஸ் ட்ரம் இடப்பக்கத்தில் மட்டும் தடிப்பாகக் கேட்டது. வாயை மூடி “ம்...” என்று முனகிப் பார்ப்பது இதற்கான எளிய சோதனை. இரண்டு காதும் சரியாக அடைபட்டிருந்தால் முனகல் தலையின் நடுவில் கேட்கும். ஒன்றில் கசிவு இருந்தால், நன்றாக அடைபட்ட பக்கமாக அது சாயும். எனக்கு வலப்பக்கம் சாய்ந்தது, அதாவது கசிந்தது இடது. நுண்ணிய இடைவெளி முதலில் உள்ளே விடுவது கீழ்ச்சுருதிகளைத்தான், பேஸ் ட்ரம் தடித்ததும் அதனால்தான். அளவெடுத்துச் செய்தது என்பதால் அது எப்போதும் பொருந்தும் என்று நான் நம்பியிருந்தேன். காது மாறுகிறது, மூன்று முதல் ஐந்து வருடத்தில் அச்சை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது முறை அளவெடுத்தபோது முதன்முறை நடந்த குறையும் தெரியவந்தது. காதுக்குள் பார்த்து, நூல் கட்டிய சிறு பஞ்சொன்றை குழாயின் இரண்டாவது வளைவுக்கு அப்பால் செவிப்பறையைக் காக்க வைத்து, சிலிக்கன் பசையைச் செலுத்தி, இறுகும்வரை ஏறத்தாழ ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். 2018இல் அந்த ஐந்து நிமிடமும் நான் வாயை மூடியிருந்தேன். தாடை மூட்டு காதுக்குழாய்க்கு நேர் முன்னால் இருப்பதால் வாய் திறக்கும்போது குழாய் அகலும். நானோ கோரஸ் பாடுபவன். வாயை மூடி எடுத்த அச்சு, உச்சத்தில் பாடும் ஒவ்வொரு முறையும் கசிந்திருக்க வேண்டும். இம்முறை பற்களுக்கு இடையே ஒரு கட்டையைக் கடிக்கச் சொல்லி அளவெடுத்தார்கள். வித்தியாசத்தை முதல் நாளே உணர்ந்தேன். பாடுபவர்களும் புல்லாங்குழல், சாக்ஸபோன் போன்றவற்றை வாசிப்பவர்களும் இதைத் தாமாகவே கேட்டுப் பெறுவது நல்லது.

பராமரிப்பில் நான் செய்த தவறு ஒன்றே. மட்டக்களப்பின் வெக்கையில் வியர்வையோடு சிலிக்கன் வழுக்காமல் ஒட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தபோது, அம்மா சொன்னபடி ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவினேன். சில கிழமைகளில் இடது பக்க ஒலி மங்கியது. எண்ணெயும் காதழுக்கும் சேர்ந்து வடிகட்டியின் வாயை அடைத்திருந்தன. வடிகட்டியைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். இப்போது வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அச்சை மட்டும் மென்மையான சவர்க்காரமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, இரவு முழுவதும் காயவிட்டுப் பொருத்துகிறேன். ஈரத்தோடு காதில் வைத்தால் நம் காலநிலையில் பூஞ்சைத் தொற்று வர அதிக நேரம் எடுக்காது.

பலனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், இரைச்சல் குறையவில்லை. இழந்ததை எந்த அடைப்பானும் மீட்டுத் தராது. கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் காம்பைக் காதில் வைத்து மீன்பாட்டுக் கேட்கும் இரவுகளில், எனக்கு மட்டும் அதன்மேல் இன்னொரு சுருதியும் கேட்கிறது. ஆனால் ஒத்திகை முடிந்த இரவுகளில் அது முன்போலக் கூடுவதில்லை. கடந்த வருடம் எடுத்த ஓடியோகிராமில் இடது காதின் 4000 ஹேர்ட்ஸ் புள்ளி அதே 40இல்தான் நின்றது, வலதும் இறங்கவில்லை. முழுப் புகழையும் அடைப்பானுக்குக் கொடுக்க மாட்டேன். அதே காலத்தில் கிட்டார் அம்ப்ளிஃபயரைத் தரையிலிருந்து தூக்கிச் சாய்த்து கிட்டார்காரரின் காதை நோக்கித் திருப்பினோம். அதுவரை முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் அன்றே ஒலியைக் கணிசமாகக் குறைத்தார். சுவரிலும் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டோம்.

அச்சுச் செய்யக் கொழும்புக்குப் போக முடியாத எங்கள் பேஸ் வாசிப்பவர், மூன்று அடுக்கு ரப்பர் இதழ்கள் கொண்ட ஆயத்த அடைப்பானை இணையத்தில் வாங்கிப் பயன்படுத்துகிறார். அளவெடுத்ததற்கு நிகரான இதம் இல்லை, இரண்டு மணித்தியாலத்தில் காது நோகிறது என்கிறார். ஆனால் ஒலியின் சமநிலை நுரைப்பஞ்சைவிட மிக நன்று, விலையோ சிறு பங்கு. திறந்தவெளி மேடையில், வாசிப்பவர்களை நோக்கி வைக்கும் மொனிட்டர் ஒலிபெருக்கிகள் பக்கத்தில் இருக்கும்போது, என்னுடைய ஆசனத்தில் அளவீடு 110ஐத் தொடுகிறது. 15ஐக் கழித்தாலும் 95 மிஞ்சும், அதற்கு முக்கால் மணித்தியாலமே அனுமதி. அதே அச்சில் வடிகட்டியை மட்டும் மாற்றலாம் என்பதால், அடுத்த முறை கொழும்பு போகும்போது 25 டெசிபல் சோடி ஒன்றை வாங்கி வந்து, மேடைக்கு அதையும் ஒத்திகைக்கு 15ஐயும் வைத்துக்கொள்ள இருக்கிறேன்.