டைல்செட்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்: 14,000 ரூபாயும் மூன்று வாரமும் போனது இப்படித்தான்

மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு சின்ன டூ-டி கேம் செய்துகொண்டிருக்கிறோம், நானும் என் நண்பனும். ஆடு மேய்க்கும் ஒரு சிறுவனின் கதை. நிரல் அவன் பொறுப்பு, வரைபடங்களை அடுக்குவது என் பொறுப்பு. தரையை நிரப்ப அடுக்கும் சின்னச் சதுரப் படங்களின் தொகுப்பான டைல்செட்டை மட்டும் வெளியில் ஒருவரிடம் வரையக் கொடுத்தோம். புல், மண் பாதை, குளம், பாறை என 32 பிக்சல் அளவில் 64 டைல்கள், 14,000 ரூபாய். முழுப் பணத்தையும் முன்பணமாகவே கேட்டார், கொடுத்துவிட்டோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே வேலையைச் சரியாகச் செய்யத் தெரியாமல் விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

எங்களை ஏமாற்றியது அவர் காட்டிய மாதிரிப் படம்தான். குளக்கரையில் ஒரு வீடு, மூன்று மரம், வேலி, நடுவில் கொஞ்சம் புல். பார்க்க அவ்வளவு அழகு. பிறகு எண்ணிப் பார்த்தபோது, அந்தப் படத்தில் ஒரே புல் டைல் பக்கத்தில் பக்கத்தில் நாலு தடவைக்கு மேல் எங்கேயும் வரவில்லை. டைலும் டைலும் சேரும் மூட்டு எங்கெல்லாம் தெரியுமோ அங்கெல்லாம் ஒரு மரமோ புதரோ நின்றது. வாங்கப் போகிற தரை எப்படி இருக்கும் என்று அந்தப் படத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

டைல்கள் வந்தன. கோடோ என்ற கேம் எஞ்சினில் ஏற்றி ஒரு மைதானத்தைப் புல்லால் நிரப்பினேன். குளியலறைத் தரை மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவரிடம் கேட்டேன். "அண்ணா, என் சிஸ்டத்துல சரியாத்தான் இருக்கு. உங்க எஞ்சின் செட்டிங் பாருங்க" என்று பதில் வந்தது.

மூன்று வாரம் போனது அந்த ஒரு பதிலை நம்பித்தான். அதில் பாதி உண்மை இருப்பதால் நம்புவதும் எளிது. எஞ்சினாலும் டைல்களுக்கு நடுவில் கோடு வரும். எல்லா டைல்களும் ஒரே படமாக அடுக்கப்பட்ட ஷீட்டில் புல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் டைல் இருக்கிறது என்று வையுங்கள். எஞ்சின் படத்தை மென்மையாக்கி வரையும்போது, புல்லின் ஓரத்தில் பக்கத்து டைலின் நீலமும் கொஞ்சம் கலந்துவிடும். அதற்கு வழி உண்டு: திட்ட அமைப்பில் `Default Texture Filter` என்பதை `Nearest` என்று மாற்ற வேண்டும், கேமராவின் பெரிதாக்கத்தை ஒன்றரை மடங்கு என்றில்லாமல் இரண்டு, மூன்று என முழு எண்ணில் வைக்க வேண்டும், ஷீட்டில் ஒவ்வொரு டைலின் ஓரத்தையும் ஒரு பிக்சல் வெளியே நீட்டிவைக்க வேண்டும். எல்லாவற்றையும் செய்தேன். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் நண்பன்தான் சொன்னான், "எஞ்சினை மூடிட்டு வெறும் படத்தை மட்டும் பாருடா." சரியான பேச்சு. எஞ்சினால் வரும் கோடு கேமரா நகர நகரத் தோன்றி மறையும், அதன் நிறம் பெரும்பாலும் ஷீட்டில் பக்கத்தில் இருக்கும் டைலின் நிறமாக இருக்கும். எங்கள் கோடு அசையவே இல்லை, நிறமும் பச்சையிலேயே கொஞ்சம் இருட்டான பச்சை. அப்படியென்றால் தவறு படத்திலேயே இருக்கிறது. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. படங்களைக் கட்டளையால் மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருள் கணினியில் இருந்தால் மூன்று கட்டளை போதும்:

```
magick grass.png -roll +16+16 roll.png
magick -size 640x360 tile:grass.png fill.png
magick fill.png -colorspace Gray grey.png
```

முதல் கட்டளை டைலைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்துகிறது. ஒரு பக்கம் வெளியே போகும் பகுதி மறுபக்கம் உள்ளே வரும். ஓரமாக இருந்ததெல்லாம் இப்போது நடுவில் சந்திக்கும், நான்கு மூலைகளும் மையத்தில் கூடும். நல்ல டைல் என்றால் நகர்த்திய பிறகும் வெறும் புல்லாகத்தான் தெரியும். எங்கள் டைலின் நடுவில் ஒரு கூட்டல் குறி நின்றது, யாரோ பென்சிலால் போட்டது போல. எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். குறியின் ஒரு பக்கம் வெளிர்ப் பச்சை, மறுபக்கம் கரும்பச்சை. அவர் ஒவ்வொரு டைலையும் தனிப் படமாக நினைத்து, இடது மேல் மூலையிலிருந்து வெயில் அடிப்பதுபோல மென்மையான தூரிகையால் நிழல் கொடுத்திருக்கிறார். தனியாகப் பார்த்தால் அந்த டைல் அழகுதான். அடுக்கினால் ஒரு டைலின் இருண்ட வலது ஓரம் அடுத்த டைலின் வெளிச்சமான இடது ஓரத்தைத் தொடுகிறது. கட்டம் வராமல் என்ன செய்யும்?

நகர்த்திய படத்தையே அவருக்கு அனுப்பினேன். இந்த முறை எஞ்சினைக் குறை சொல்ல முடியவில்லை, "சரி பண்ணித் தர்றேன்" என்றார். இரண்டு நாளில் வந்த திருத்தத்தில் இடது ஓரப் பிக்சல் பத்தியை அப்படியே நகலெடுத்து வலது ஓரத்தில் ஒட்டியிருந்தார். இந்தத் தவறைப் பல இலவச டைல்களிலும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். வலது ஓரத்தைத் தாண்டினால் அடுத்து வருவது அதே டைலின் இடது ஓரம். ஆகவே இடது ஓரம், வலது ஓரத்துக்கு அடுத்த பிக்சலாக நடந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றேயானால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரே பிக்சல் இரட்டித்து நிற்கும். ஒரு பிக்சல் தடிமனில் சாய்ந்து போகிற புல்லிதழ் மூட்டில் மட்டும் ஒரு படி நின்று, பிறகு சாயும். சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் 32 பிக்சலுக்கு ஒருமுறை ஒரே நேர்க்கோட்டில் வருவதால் கண் பிடித்துவிடும்.

அதையும் சொன்னேன். அடுத்த திருத்தத்தில் மூட்டின் மேல் மங்கலாக்கித் தேய்த்துவிட்டார். கோடு போனது, அதன் இடத்தில் நாலு பிக்சல் அகலத்துக்குக் கூர்மையில்லாத ஒரு பட்டை வந்தது. கூர்மையான புல்லுக்கு நடுவே மங்கல் பட்டைகள், அதுவும் கட்டம் கட்டமாக! முறையான வழி வேறு. முதலில் அந்த நிழலை எடுத்துவிட வேண்டும். பிறகு டைலை நகர்த்தி, நடுவில் தெரியும் கூட்டல் குறியின் மேல் அதே நிறங்களால் புல்லிதழ்களைக் கையால் குறுக்கே வரைய வேண்டும். அப்போது வெளி ஓரங்களைத் தொடக்கூடாது. முடிந்ததும் திரும்ப நகர்த்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

புல்லுக்கு மூன்று வகை தருவதாகச் சொல்லியிருந்தார், தந்தார். ஒவ்வொன்றையும் அதனோடேயே அடுக்கினால் ஓரளவு சேர்ந்தது. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் சேரவில்லை. மூன்று டைல் என்றால் பக்கவாட்டில் ஒன்பது ஜோடி, மேல்கீழாக ஒன்பது ஜோடி, ஆக பதினெட்டையும் பார்த்தாக வேண்டும். எங்களுக்கு அதில் ஆறுதான் தேறியது. மூன்று வகைக்கும் ஓரத்தை ஒன்றாகவே வைத்து உட்பகுதியை மட்டும் மாற்றியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

இரண்டாவது கட்டளை திரை முழுக்க ஒரே டைலை நிரப்பும். 640க்கு 360 என்றால் குறுக்கே 20, கீழ்நோக்கிப் பதினொன்றுக்கு மேல். ஆக ஒரே டைல் 220 தடவைக்கு மேல் வருகிறது. மாதிரிப் படத்தில் நாங்கள் ரசித்த அந்தச் சின்ன மஞ்சள் பூ இங்கே 220 பூவாகி, பட்டாளம் போல வரிசை கட்டி நின்றது. இரண்டடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் புல் மறைந்து பூ வரிசை மட்டும்தான் தெரிந்தது. அடித்தள டைலில் கண்ணை இழுக்கும் எதுவும் இருக்கக்கூடாது. பூ, கூழாங்கல், உதிர்ந்த இலை எல்லாம் பின்னணி இல்லாத தனி டைல்களாக வந்து, மேல் அடுக்கில் நாம் வேண்டிய இடத்தில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். வகைகளைக் கலக்கும்போதும் மூன்றையும் சமமாகத் தூவினால் சலசலப்புதான் மிஞ்சும். நான் இப்போது பத்தில் எட்டு கட்டத்துக்கு வெறும் புல்லையே வைக்கிறேன்.

மூன்றாவது கட்டளை நிறத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் படம் தரும். புல்லும் பாதையும் சேர்ந்த ஒரு சின்ன வரைபடத்தையும் இதே மாதிரி மாற்றிப் பார்த்தேன். பாதையைக் காணவில்லை. பச்சையும் பழுப்பும் வேறு வேறு நிறம்தான், ஆனால் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்று. நண்பனின் அக்கா மகள் விளையாடியபோது குளக்கரையில் வந்து முட்டிக்கொண்டே இருந்தாள். "மாமா, இங்க நடக்கலாம்தானே?" என்று கேட்டாள். ஆழமில்லாத தண்ணீரும் ஈரப் புல்லும் ஒரே அளவு இருட்டாக இருந்தன, இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கீற்றுகள் வேறு. பழுப்பு ஆடு பாதையில் ஏறினால் அதுவும் காணாமல் போனது. சாம்பல் படம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, நிற வேறுபாடு உண்மையிலேயே உதவும் இடங்களும் உண்டு. ஆனால் நடக்கக்கூடிய தரை, நடக்க முடியாத தரை, மேலே நகரும் உருவம் ஆகிய மூன்றும் சாம்பலிலும் பிரிந்து தெரியவில்லை என்றால் அந்த டைல்செட்டை வைத்து விளையாட முடியாது.

பணத்தில் பாதியாவது திருப்பிக் கேட்டேன். "டிஜிட்டல் வேலைக்கு ரீஃபண்ட் கிடையாதுண்ணா, ரெண்டு தடவை கரெக்ஷனும் பண்ணிட்டேன்" என்றார். எழுத்தில் எதையும் வாங்கிவைக்காததால் மேலே பேச முடியவில்லை. அப்புறம் பதிலும் வரவில்லை.

இப்போது வேறு ஒருவர் வரைகிறார். 64 டைலுக்கும் ஒரேயடியாகப் பணம் கொடுக்காமல், முதலில் ஒரு புல், ஒரு மண், இரண்டும் சந்திக்கிற ஒரு ஓரம் என மூன்றுக்கு மட்டும் கொடுத்தோம். மரம், வீடு எதுவும் இல்லாமல் அவற்றால் மட்டும் நிரப்பிய 640க்கு 360 படமும், நகர்த்திப் பார்த்த படமும், எங்கள் ஆடு மேலே நிற்கும் சாம்பல் படமும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தோம். முதல் தடவை மண் டைலின் மூலையில் ஒரு பிக்சல் உதைத்தது. நான் சொல்லும் முன்பே அவரே பார்த்துத் திருத்தி அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் மீதி 61க்குப் பேசி முடித்தோம்.

பழைய ஷீட்டிலிருந்து கிணறு, வேலிக்கம்பம், இரண்டு பாறை ஆகியவற்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம். அவை தனித்தனியாக நிற்பவை, எதனுடைய ஓரத்தோடும் சேர வேண்டியதில்லை.