ஷோ காஸ் நோட்டீஸுக்குப் பதில்: மறுப்பா, முழு மன்னிப்பா, அளந்த ஒப்புதலா?

மருந்து விநியோக நிறுவனமொன்றின் குளிர்பதனக் கிடங்கில் நான் பணிபுரிந்த காலத்தில் எனக்கு ஒரு ஷோ காஸ் நோட்டீஸ் வந்தது. இன்சுலின் வைக்கும் அறையின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதை மாலை 6 மணிக்குப் பதிவேட்டில் குறிப்பது என் வேலை. ஒரு சனிக்கிழமை 5.45 மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். கம்ப்ரசர் நின்றுபோய், 5.50 மணிக்கே வெப்பநிலை 8 டிகிரியைத் தாண்டியிருந்தது, இரவு 10 மணிக்குக் காவலர் கவனிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. "வேண்டுமென்றே கடமையைப் புறக்கணித்து நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தியது" என்பது குற்றச்சாட்டு, பதிலளிக்க மூன்று நாள் அவகாசம். அந்த மூன்று நாளில் மூன்று விதமாகப் பதில் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது முழு மறுப்பு. கம்ப்ரசர் அடிக்கடி நிற்கிறது என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே நான் புகார் எழுதியிருந்ததால், அதையே கேடயமாக்கத் தோன்றியது. ஆனால் பதிவேட்டின் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு மறுப்பவனின் புகாரையும் எவரும் நம்பமாட்டார்கள் என்பதால் அந்த வரைவைக் கிழித்துப்போட்டேன்.

இரண்டாவது, உடன்பணியாளர்கள் சொன்ன வழி: "நடந்த தவறுக்கு நிபந்தனையின்றி மன்னிப்புக் கோருகிறேன்" என்று இரண்டே வரி. மேலதிகாரியின் கோபம் இதில் சீக்கிரம் தணியும், சிறிய அலுவலகங்களில் இதுவே போதுமானதாகவும் இருக்கலாம். இதிலுள்ள சிக்கல், எந்தத் தவறுக்கு என்று அது சொல்லவில்லை என்பதுதான். நோட்டீஸில் உள்ள எல்லாவற்றையும், "வேண்டுமென்றே" என்ற சொல் உட்பட, ஒப்புக்கொண்டதாகவே பின்னால் அதைப் படிக்க முடியும். ஒப்புக்கொண்ட ஒன்றை விசாரணையில் நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது.

நான் தேர்ந்தது மூன்றாவது: செயலை ஒப்புக்கொண்டு, அதற்கு ஒட்டப்பட்ட நோக்கத்தை மட்டும் மரியாதையாக மறுப்பது. முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரே இடம்தான் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன். தொழில் நிறுவனங்களின் பணி ஒழுங்கு விதிகளைப் பற்றியதாக 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் "பழக்கமாகிவிட்ட அலட்சியம்" என்றும், கீழ்ப்படியாமையைப் பற்றிச் சொல்லும்போது "வேண்டுமென்றே" என்றும் அடைமொழிகள் இருந்தன. தண்டனையை முடிவு செய்யும்போது தவறின் கடுமை, முந்தைய பணிப்பதிவு, குற்றத்தைக் குறைக்கும் அல்லது கூட்டும் சூழ்நிலைகள் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் அந்த நிலையாணைகள் கூறின. பல நிறுவனங்களின் விதிகள் இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டவை. ஆகவே நோட்டீஸின் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியே எடுத்து, அதில் செயல் எது, அடைமொழி எது என்று பென்சிலால் பிரித்துக்கொண்ட பிறகே எழுத உட்கார்ந்தேன்.

என் பதிலின் நடுப்பத்தி இப்படி அமைந்தது: "அன்று மாலை 6 மணி அளவை நான் குறிக்கவில்லை; குறித்திருந்தால் வெப்பநிலை உயர்வு அப்போதே தெரிந்திருக்கும். 5.40 மணிக்கு, என் தாயார் குளியலறையில் விழுந்துவிட்டதாகத் தொலைபேசி வந்ததால் கிளம்பினேன். நான் கிளம்பியதற்கு அது காரணம். வாயிலில் இருந்த காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்கு அது காரணமாகாது, அந்தத் தவறு முழுவதும் என்னுடையது. எனினும் இது வேண்டுமென்றே செய்ததல்ல என்பதையும், பதிவேட்டில் இதற்கு முன் என் பதிவு விடுபட்டதில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

சூழ்நிலை எதுவரை விளக்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று எழுதுபவரே கோடு கிழித்துவிட்டால், அது சாக்காக ஒலிப்பதில்லை. தாயார் விழுந்ததைப் பற்றி இன்னும் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன்; எலும்பு முறிவு, ஆட்டோ கிடைக்காதது எல்லாம் அதில் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, மருத்துவமனைச் சீட்டின் நகலை மட்டும் இணைத்தேன். கம்ப்ரசர் புகாரையும் விடவில்லை, ஆனால் கடைசிப் பத்தியில், தேதியோடு, "தகவலுக்காக" என்று ஒரே வரியில் வைத்தேன். ஒப்புதலுக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருந்தால் பழி மாற்றுவதாகத்தான் தெரிந்திருக்கும். கையெழுத்திட்ட நகலில் அலுவலக முத்திரையும் பெற்றுக்கொண்டேன்.

எழுத்து மூலமான எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. அந்தக் கடிதத்தில் "கவனக்குறைவு" என்றிருந்தது, "வேண்டுமென்றே" இல்லை. இது பதிலால்தான் நேர்ந்ததா, இன்சுலின் பெட்டிகளில் பெரும்பகுதி தப்பியதால் நேர்ந்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பணக் கையாடல், போலிப் பதிவு போன்ற குற்றச்சாட்டுகளில் செயலை ஒப்புக்கொள்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்பதால், அங்கே இந்த வழியை நான் பரிந்துரைக்கவில்லை. அப்படியொரு நோட்டீஸ் வந்தால் அவகாசத்தை எழுத்தில் நீட்டிக்கக் கேட்டுவிட்டு, தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை முதலில் பார்ப்பேன்.